இணைச்சீர்ப் படத்தில் அத்தையின் கை

அன்புள்ள அத்தைக்கு,

அண்ணன் கல்யாணத்துல, மாப்பிள்ளைக்குத் தங்கச்சி செய்யற இணைச்சீருக்காக நான் கூறைச்சேலைக் கூடையோட மேடை ஏறும்போது, மண்டபமே கேக்கற மாதிரி சொன்னீங்க: "ஏங்கண்ணு, இத்தனை கருப்பாவா வந்து நிப்பே? போய் இன்னுங் கொஞ்சம் பவுடர் போட்டுட்டு வா. உன்னையப் பொண்ணு பாக்கறவங்களும் வந்திருக்காங்க." எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துருச்சு. போகலீங்க, அப்படியே ஏறிட்டேன்.

சின்னப்புள்ளையில கோபி டவுன்ல இருக்கற உங்க ஊட்டுக்கு லீவுக்கு வந்தா, மத்தியானம் வாய்க்கால்ல குளிச்சுட்டு, தலை கூடத் துவட்டாம ரெண்டு பேரும் கட்டில்ல படுத்துப் பழைய ஆல்பம் பாப்போம். அப்பா கல்யாணத்துல தங்கச்சியா நீங்க இதே மாதிரி கூடையோட நிப்பீங்க. மூஞ்சி சுண்ணாம்பு அடிச்சாப்பல வெள்ளை. கூடையைப் பிடிச்ச கை மட்டும் கருப்பு. "ஏனுங்கத்தை அழுகற மாதிரி இருக்கீங்க?"ன்னு ஒரு தடவை கேட்டேன். "கருப்பா இருக்கறேன்னு மூணு தடவை பவுடர் அப்பி உட்டாங்க கண்ணு. அழுதா கரைஞ்சு போயிரும்னு அடக்கிட்டு நின்னேன்"னு சொல்லிச் சிரிச்சீங்க. அப்ப உங்க ஈரக் கை என் கையோட ஒட்டிக் கெடந்துச்சு. எது யார் கைன்னே தெரியல.

அண்ணன் ஆல்பம் நேத்துத்தான் வந்துச்சு. பாக்க வாங்க அத்தை. அதுல என் மூஞ்சியும் கையும் ஒரே நிறமா இருக்குது. உங்க கையோட நிறமுங்க.