வரைபடத்தில் விடுபட்ட பெரியம்மா

சொந்தத்துக்குள் கலியாணம் செய்யும் வழக்கத்தின் மேல் அந்த நாளில் எனக்குத் தீராத கோபம் இருந்தது. அறுபதுகளின் தொடக்கம். கொழும்பில் மருத்துவம் படித்து முடித்து, வன்னியில் ஒரு சிறிய ஆஸ்பத்திரிக்கு வந்த புதிது. படிப்பு தலைக்கு ஏறியிருந்த காலம்.

வட்டக்கச்சியிலிருந்து வயல் செய்யும் ஒரு கமக்காரர் தன் எட்டு வயது மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையனின் கெண்டைக்கால் மல்லனுடையதுபோலத் திரண்டிருந்தது. ஆனால் நிலத்திலிருந்து எழும்பச் சொன்னால், தன் தொடையிலேயே கையை ஊன்றி ஊன்றித்தான் நிமிர்ந்தான். தசைகள் மெல்ல அழியும் நோய், மருந்து கிடையாது. இவனுக்கு முந்திப் பிறந்த அண்ணன் ஒருவனும் இப்படியே நடை இழந்து பதினாறு வயதில் இறந்திருந்தான்.

தகப்பனுக்கு இன்னொரு பயமும் இருந்தது. சுகதேகியான மூத்த மகனுக்கு மனைவியின் தம்பி மகளைப் பேசி, தாலிக்குப் பொன்னுருக்கவும் நாள் பார்த்தாயிற்று.

"அதுகளுக்குப் பிறக்கிறதுக்கும் இப்பிடி வருமோ, டொக்டர்?"

கடதாசியில் வம்ச வரைபடம் கீறினேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோயாளிக்கு உள்ளே மை, சொந்தத்தில் கட்டியவர்களுக்கு இரட்டைக் கோடு. அவரும் மனைவியும் மச்சான் மச்சாள். மனைவியின் கூடப்பிறந்தவர்களைக் கேட்டேன். "ஒரு தம்பி. அவனுக்கு ஒரு குறையுமில்லை. கட்டினது பிறத்தியிலை, சொந்தத்திலை இல்லை" என்றார். இரட்டைக் கோட்டைக் கண்டதுமே எனக்கு முடிவு தெரிந்துவிட்டது. தாய் தகப்பன் இருவரிலும் மறைந்திருந்த ஒரே பழுது பிள்ளையில் சேர்ந்து வெளிப்பட்டிருக்கிறது. நோய் ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் வந்தது உறுத்தியதுதான்; ஆனால் அவர்களுக்குப் பெண்பிள்ளை ஒருத்திதானே, அவள் தப்பியது தற்செயல் என்று தள்ளிவிட்டேன்.

"மச்சாளை விட்டிட்டுப் பிறத்தியிலை பாருங்கோ" என்றேன். மகளுக்கு யாழ்ப்பாணத்தில் பேசுவது பிறத்தியார்தான் என்றார். அது மெத்த நல்லது என்று வாழ்த்தியும் அனுப்பினேன்.

அடுத்த கிழமை பையனை அந்த மகள் தூக்கி வந்தாள். இருபது வயதிருக்கும். மச்சாளைத் தவிர வேறு யாரையும் கட்டமாட்டேன் என்று அண்ணன் சாப்பிடாமல் கிடக்கிறானாம். மேசையில் கிடந்த வரைபடத்தைக் காட்டி என் தீர்ப்பை விளக்கினேன். அவள் குனிந்து பார்த்தாள்.

"இதிலை பெரியம்மாவைக் காணேல்லை."

"எந்தப் பெரியம்மா?"

"அம்மான்ர அக்கா. புருஷன் செத்தாப்பிறகு செட்டிகுளத்திலை தன்ர விருப்பத்துக்கு ஒருத்தரைக் கட்டினவா. அப்பா அவாவின்ர பேரே எடுக்கிறேல்லை." வரைபடத்தைப் பார்த்தபடியே, "அவாவுக்கு முதல் கலியாணத்திலை ஒரு மகன், ரெண்டாவதிலை ஒரு மகன். ரெண்டு பேரும் தம்பியைப் போலத்தான்" என்றாள்.

"ரெண்டாவது ஆள் உங்கட சொந்தமோ?"

"ஒரு சொந்தமுமில்லை."

பெரியம்மாவுக்கு ஒரு வட்டம் போட்டு, இரு பக்கமும் இரண்டு கணவர்மாருக்கும் சதுரம் வைத்து, கீழே இரண்டு பிள்ளைகளுக்கு மை பூசினேன். ஒரு சம்பந்தமும் இல்லாத செட்டிகுளத்தானிடமும் அதே அரிய பழுது இருந்தது என்று யார் நம்புவது? நோய் போன வழி முழுதும் பெண்கள்: அம்மம்மா, அவவின் இரண்டு பெண்மக்கள். கணவர்மாருக்கு இதில் பங்கே இல்லை. பழுது எக்ஸ் குரோமோசோம் என்கிற நிறமூர்த்தத்தில் இருக்கிறது. பெண்ணிடம் எக்ஸ் இரண்டு. நல்லது கெட்டதை மூடிவிடும். ஆணுக்குத் தாய் கொடுக்கும் ஒன்றுதான், மூட இன்னொன்றில்லை. ஒரே ஒரு வட்டம் என் தீர்ப்பைத் தலைகீழாக்கிவிட்டது. இரட்டைக் கோட்டின் மேல் வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்ப் போடுவதென்று எனக்குத் தெரியவில்லை.

"அண்ணா தாராளமாக் கட்டலாம். நோயில்லாத ஆம்பிளையிட்டை இந்தப் பழுது ஒளிச்சிருக்க ஏலாது. மச்சாளாலையும் பயமில்லை. மாமா சுகமான ஆள், அவர் மகளுக்குக் குடுத்த எக்ஸும் நல்லதுதான். மாமி பிறத்தி."

அவள் முகம் மலர்ந்தது. பிறகு தன் வட்டத்தில் விரலை வைத்தாள்.

"அப்ப நான்?"

போன கிழமை வாழ்த்திய வாயாலேயே சொன்னேன்: "இந்தப் பழுது உங்களிட்டை இருக்கிறதுக்குப் பாதி வாய்ப்பு, இல்லாமல் இருக்கிறதுக்குப் பாதி. இருந்தால், பிறக்கிற ஒவ்வொரு ஆம்பிளைப் பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி. ஆரைக் கட்டினாலும் இதுதான். நிச்சயமாச் சொல்ல என்னட்டை வழியில்லை."

அவள் அழவில்லை. "அண்ணாவின்ர கலியாணத்துக்குப் பிழையில்லை எண்டு அப்பாவுக்கு எழுதித் தாங்கோ. அம்மாவாலை வந்தது எண்டு மட்டும் எழுதாதேங்கோ. அவா தாங்கமாட்டா."

"உங்கட சம்பந்தம்?"

"யாழ்ப்பாணத்தாரிட்டை நானே சொல்லுவன்."

என் பிழையை ஒப்புக்கொண்டு, அவள் சொன்னபடியே எழுதிக் கொடுத்தேன். அந்தப் பெண்ணின் முன்னால் நான் படித்ததெல்லாம் சின்னதாகப் போயிற்று. கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டு அவள் தம்பியை இடுப்பில் ஏற்றினாள். பாரத்தில் ஒரு பக்கம் சரிந்து, அவனை இன்னொருமுறை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நடந்தாள். பாதிக்குப் பாதி என்றால் என்னவென்று அவளுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.