பத்தாவது பட்டை

கருங்கல் ஊரை விட்டு நடந்து ஒரு மணி நேரம் ஆன பிறகுதான், என் செருப்பு நான் வேலை பார்த்த சாப்பாட்டுக் கடையின் பின்வாசலிலேயே கிடப்பது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போகும் நிலையில் நான் இல்லை. சாம்பாரில் நான் ஒருமுறையும் முதலாளியின் மைத்துனர் ஒருமுறையும் உப்புப் போட்டிருந்தோம். மைத்துனரை வெளியே அனுப்ப முடியாது. செருப்பை அங்கேயே விட்டுவிட்டு, குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களில் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டதை நம்பி மேலும் நடந்தேன்.

ஐப்பசி மழை. திற்பரப்பை நெருங்கும்போது உடம்பில் நனையாத இடம் இல்லை. அருவிக்கு மேலே ஆற்றின் குறுக்கே சர்க்கார் ஒரு நடைபாலம் கட்டிக்கொண்டிருந்தது. கரையில் வேலையாட்களுக்காகப் போட்ட ஓலைச் சாயக்கடையில் ஒதுங்கினேன். உள்ளே ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது.

சண்டை போட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஓவர்சியர், ஐம்பது வயது, நல்ல வயிறு, கக்கத்தில் குடை. இன்னொருவர் இஞ்சினீயர், மீசை இப்போதுதான் முளைத்த மாதிரி இருக்கும் நாகர்கோவில் பையன். சண்டை ஒரு இரும்புப் பட்டையைப் பற்றியது.

“காலத்த பத்து மணிக்கு பெரிய இஞ்சினீயர் வருவாரு சார்” என்றார் ஓவர்சியர். “ஓட்டைக்குள்ள கூர்ஆணிய வச்சு ரெண்டு சுத்தியல் அடி. பட்டை தானா வந்து சேரும். நான் இந்த வேலையில தலை நரைச்சவனாக்கும்.”

“அடிச்சா ஓட்டை கிழியும். அவரு முதல்ல அந்த ஓட்டையத்தான் பாப்பாரு. அளவு குடுத்தது யாருன்னும் கேப்பாரு.”

ஓவர்சியர் குடையைக் கக்கத்திலிருந்து எடுத்து மறு கக்கத்தில் வைத்தார். அளவு கொடுத்தது அவர்தான். பதினேழு வருடமாகத் தற்காலிக ஓவர்சியர். அவரை நிரந்தரமாக்கும் உத்தரவு பெரிய இஞ்சினீயரின் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அந்தக் கையெழுத்துத்தான் காலையில் ஜீப்பில் வரப்போகிறது. இதெல்லாம் சாயக்கடைக்காரர் எனக்கு ஒரு கிளாஸ் சாயா ஆற்றும் நேரத்துக்குள் சொல்லி முடித்தது.

பாலத்தின் பக்கச் சட்டத்தை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்க முடிந்தது. கீழே நாலு மூட்டு, மேலே இரண்டு மூட்டு. இரண்டு ஓரத்திலும் சாய்வுக்கம்பி; நடுவில் ஒரு சதுரக் கட்டம். அந்தக் கட்டத்துக்குள் பெருக்கல் குறி மாதிரி இரண்டு பட்டை வரவேண்டும். ஒன்று போட்டாயிற்று; அதோடு சேர்த்துச் சட்டத்தில் ஒன்பது கம்பி. இரண்டாவது, மேல் மூட்டில் மாட்டி, கீழே ஓட்டை சேராமல் தொங்கியது. எதிர்ப்பக்கச் சட்டத்தில் அதே பட்டை ஒழுங்காக நுழைந்துவிட்டது. இந்தப் பக்கம் மட்டும் எட்டவில்லை. எவ்வளவு எட்டவில்லை என்று கேட்டேன்.

“ரெண்டு அஞ்சலட்டைய சேத்து வச்ச கனம்” என்றார் சாயக்கடைக்காரர். “அதுக்குத்தான் உச்சையிலேருந்து இந்தக் கூத்து.”

“ஒம்பது கம்பியிலயே பாலம் நிக்கத்தானே செய்யுது?” என்று ஓவர்சியர் அடுத்த வழியைப் பிடித்தார். “பத்தாவது எதுக்கு சார்? களட்டிப் போட்டுருவோம்.”

“இந்தக் கரைப் பக்கம் பாரம் வச்சா, இப்ப இருக்க பட்டை இழுபடும். சரி. அந்தக் கரைப் பக்கம் வச்சா அதே பட்டை நசுங்கணும். தட்டைப் பட்டை நசுங்காது, வளைஞ்சு போவும். அப்ப இழுத்துப் பிடிக்க பத்தாவது வேணும்.”

“அப்ப ரெண்டும் பாதிப் பாதி எடுக்கும்.”

“பாதியும் இல்ல. மூட்டு எவ்வளவு நவுருதோ, பட்டையும் அவ்வளவு நீளணும், இல்லன்னா சுருங்கணும். அதுதான் பங்கைத் தீர்மானிக்கும். நீங்களும் நானும் இல்ல.”

“பதினேழு வருசமா பாதிப் பாதிதான் எடுத்துக்கிட்டு கெடக்கு” என்றார் ஓவர்சியர், ஏதோ பட்டைகள் அவரிடம் வந்து பங்கு வாங்கிப் போன மாதிரி.

அப்போது நான் வாயைத் திறந்தேன். எனக்கு இது ஒரு பழக்கம். இதனால் பல வேலைகள் போயிருக்கின்றன. “அளவு எடுக்கச்சில பாலத்து மேல என்ன கெடந்துது?” என்றேன். உண்மையில், நனையாமல் படுக்க மேலே ஏதாவது கூரை உண்டா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

“ஒண்ணும் கெடக்கல்ல” என்றார் ஓவர்சியர்.

“சிமெண்டு கெடந்துதே” என்றார் சாயக்கடைக்காரர். “கரையில ஈரம்னு நூறு மூட்டைய இந்தச் சட்டத்து ஓரமா அடுக்கி தார்ப்பாய போட்டு மூடினிய. மறந்தியளா? அது மேல ஏறி நின்னுதானே நாடா பிடிச்சிய.”

இஞ்சினீயர் பெஞ்சிலிருந்து எழுந்து, கடையின் பலகைக் கதவை இழுத்துப் போட்டு, அதன் உள்பக்கத்தில் சாக்குக்கட்டியால் அந்தச் சட்டத்தை வரைந்தார். சிமெண்டு மூட்டை அடுக்கிய இடம், கீழ் வரிசையில் இந்தக் கரையிலிருந்து இரண்டாம் மூட்டுக்கு நேர் மேலே. அந்தப் பாரத்தில் ஒவ்வொரு கம்பியும் கொஞ்சம் நீண்டும் சுருங்கியும், பத்தாவது பட்டை வரவேண்டிய இரண்டு மூலைகளும் ஒன்றையொன்று நெருங்கி வந்திருக்கின்றன. ஓவர்சியர் அந்த நெருங்கின தூரத்தை அளந்து பட்டைக்குக் கொடுத்திருக்கிறார். பிறகு சிமெண்டைக் கரைத்துப் படிக்கட்டுத் தூணில் ஊற்றிவிட்டார்கள். பாரம் போனதும் மூலைகள் பழைய இடத்துக்குப் போய்விட்டன. பட்டைக்கு எப்படித் தெரியும்?

“அப்ப நான் அளந்தது சரிதான்” என்றார் ஓவர்சியர், முகம் மலர்ந்து.

“சரியாத்தான் அளந்திய. தப்பான நேரத்துல.”

கதவில் கணக்கு நீண்டது. நான் மூன்றாம் ஃபாரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனாலும் அவர் ஓவர்சியருக்குச் சொன்ன விதத்தில் எனக்கும் புரிந்தது. பட்டையே இல்லை என்று வைத்துக்கொள். ஓட்டைக்கும் ஓட்டைக்கும் இடைவெளி இரண்டு அஞ்சலட்டை. இப்போது அந்த இரண்டு மூலைகளையும் ஒரு டன் விசையோடு ஒன்றை நோக்கி ஒன்று இழு. அவை எவ்வளவு நெருங்கும் என்று கம்பி கம்பியாகக் கணக்குப் போடு. இடைவெளியை அதனால் வகுத்தால், இடைவெளியை மூட எத்தனை டன் இழுக்க வேண்டும் என்று வந்துவிடும். அரை டன்னுக்கு மேலே வந்தது.

ஓவர்சியர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். “அரை டன்னுக்கு மேலயா! சும்மா நிக்கச்சிலயேவா? பட்டை பொட்டிப் போவுமே!”

இஞ்சினீயர் கதவைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு ஒரு வரியை அழித்தார். மூலைகள் நெருங்குவதைக் கூட்டியவர், இழுபடும்போது பட்டையும் நீளும் என்பதைக் கூட்டாமல் விட்டிருந்தார். பாதி தூரம் மூலை வந்தால் மீதி தூரம் பட்டை போகும் என்கிற மாதிரி. அதையும் சேர்த்து வகுத்தபோது அரை டன்னுக்குக் கொஞ்சம் குறைந்தது.

“இது அந்தப் பட்டைக்கு ஒண்ணுமே இல்ல. தாங்கும். இழுத்து நிக்கிறது நல்லதும்கூட, ஆடாது. ஓட்டை கிழியாம உள்ள போனா போதும்.”

“எப்பிடிப் போவும்?”

“அளவு எடுத்த அன்னைக்கு மாதிரி பாரத்த வச்சா தானா போவும்.”

“சிமெண்டு எங்க சார் இருக்கு? தூணுக்குள்ளல்லா இருக்கு!”

கரையில் படிக்கட்டுக்கென்று வந்த கல் பலகைகள் கிடந்தன. விடிந்ததும் அவற்றை ஏற்றுவது என்று முடிவானது. எவ்வளவு எடை என்று எப்படித் தெரியும் என்று ஓவர்சியர் கேட்டார். எடை போடவே வேண்டாம், ஓட்டை சேர்ந்தால் எடை சேர்ந்தது என்று அர்த்தம் என்றார் இஞ்சினீயர். அன்று நான் கடையின் அடுப்போரம் படுத்தேன். மூடினால் பலகை இடுக்கில் ஒழுகும் மழை கணக்கை அழித்துவிடும் என்று இஞ்சினீயர் கதவை மூட விடவில்லை. சாரல் முழுவதும் என்மேல்.

காலையில் மழை விட்டிருந்தது. கல் சுமக்க ஆள் சேர்த்தபோது நானும் வரிசையில் நின்றேன். ஓவர்சியர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீ கல்லு சுமக்கியதுக்கும் ஆவாது, கல்லுக்குப் பதிலா நிக்கியதுக்கும் ஆவாது. கீழ போய் ஓட்டையப் பாரு.”

கீழ் மூட்டுக்குப் பக்கத்தில் கட்டியிருந்த சாரத்தில், கையில் போல்ட்டோடு உட்கார்ந்தேன். பட்டையின் ஓட்டை வழியாகப் பார்த்தால் மூட்டுத் தகட்டின் இரும்பு மூன்றாம் பிறை மாதிரி தெரிந்தது. மேலே கல் வந்து விழ விழப் பிறை மெலிந்தது. கல் தீர்ந்தது. பிறை தீரவில்லை.

“இன்னும் எவ்வளவுலே?” என்று மேலேயிருந்து ஓவர்சியர் குரல்.

“அரை அஞ்சலட்டை.”

கரையில் அருவிக்குக் குளிக்கப் போகிறவர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஓவர்சியர் அவர்களைக் கும்பிடாத குறையாகக் கூப்பிட்டார்.

“ஏறினா பாலம் விழுமா?” என்றார் ஒருவர்.

“நீரு ஏறினாத்தான் நிக்கும் வேய், ஏறும்!”

“எதுக்கு ஏறணும்?”

“சும்மா நிக்கணும். அவ்வளவுதான்.”

“அது எனக்க மருமொவனுக்கு தெரிஞ்ச வேலையாச்சே. ஏ மருமொவனே, நீயும் வா!”

இருபது பேருக்கு மேல் கல்லின்மேல் ஏறினார்கள். தோளில் துண்டு, தலையில் எண்ணெய். தாயும் மகளுமாக வந்தவர்களில் மகள் பயந்தாள். “ஏட்டி, நானே நிக்கேன், ஒனக்கு என்ன?” என்று தாய் கையைப் பிடித்து இழுத்து ஏற்றினாள். பிறை நகக்கீற்று ஆனது. நூல் ஆனது. தூரத்தில் ஜீப் சத்தம் கேட்டது.

“ஓவர்சியர், நீங்களும் ஏறுங்க!” என்றார் இஞ்சினீயர்.

“நானா? நான் மேற்பார்வையாக்கும்!”

“பதினேழு வருசம் சார்வாள்!” என்று சாயக்கடைக்காரர் கத்தினார்.

ஓவர்சியர் குடையோடு ஏறினார். ஒரு ஆள் கனத்தில் என்ன பெரிய வித்தியாசம் வரும் என்று இப்போது தோன்றுகிறது. அவர் வயிற்றை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும். போல்ட், எண்ணெய் தடவிய விரல் மோதிரத்துக்குள் போவது மாதிரி, அடி இல்லாமல் உள்ளே போனது. மரையை முடுக்கினேன்.

இஞ்சினீயர் கீழே இறங்கி வந்து பட்டையை ஆட்டிப் பார்க்கச் சொன்னார். பிடித்து ஆட்டினேன்; லொடலொடவென்று ஆடியது. மேலே பாரம் இருக்கும்வரை பட்டையில் விசையே இல்லை என்றார். ஆட்கள் இறங்க ஆரம்பித்தார்கள், பிறகு கல். பிடித்த கையை நான் எடுக்கவில்லை. ஆட்டம் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைந்தது. கடைசிக் கல் இறங்கியபோது அது ஆட மறுத்தது.

பெரிய இஞ்சினீயர் வந்தார். அதே பட்டையைத்தான் முதலில் பிடித்து ஆட்டினார். ஆடவில்லை. எதிர்ப்பக்கத்துப் பட்டையைத் தட்டினார், இதையும் தட்டினார். இது மட்டும் ஏன் இவ்வளவு விறைப்பு என்று கேட்டார். நம் நாகர்கோவில் பையன் அவரைச் சாயக்கடைக் கதவுக்குக் கூட்டிப்போய், நடந்ததை மறைக்காமல் சொல்லிவிட்டான். ஓவர்சியர் என் பக்கத்தில் நின்று, “போச்சு மக்கா” என்றார். பெரியவர் கதவை வெகுநேரம் பார்த்தார். பிறகு சிரித்தார். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். ஓவர்சியருக்கு அவர் சொன்ன ஒரே வார்த்தை: “இனி பாலத்து மேல எதையும் அடுக்காதேயும்.”

மறுபக்கக் கைப்பிடிக் கம்பிகளை இன்னும் அளக்க வேண்டியிருந்தது. அதற்காக ஒரு ஆள் தேவைப்பட்டது. பாலத்தின் முனையில் உட்கார்ந்து, ஒரு பொருளையும் மேலே வைக்க விடாமல் பார்த்துக்கொள்ளும் ஆள். ரப்பர் தோட்டத்துக்கு நான் போகவில்லை. வேலையில் சேர்ந்த அரை மணி நேரத்தில் முதல் மனிதரை விரட்டினேன். அசந்துபோய், குடையை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டாம் மூட்டுக்கு நேர் மேலே அவர் உட்கார்ந்திருந்தார்.