ஐந்து நட்சத்திரமும் ஓர் ஒழுகலும்

மீனாட்சிபுரத்தில் எங்கள் மாடுகளைக் கழுவ ஆன்லைனில் ஒரு ஸ்பிரேயர் வாங்கினேன். கைப்பிடியில் தண்ணீர் ஒழுகியது. பெட்டிக்குள் ஒரு அட்டை இருந்தது. ஐந்து நட்சத்திரம் கொடுத்து, அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்குமாம்.

எனக்கு ரத்தம் கொதித்தது. விற்றவருக்கு நேர்மையைப் பற்றி நீண்ட செய்தி அனுப்பினேன். “ஓகே சார், முதல்ல ரிவ்யூ போடுங்க, அப்புறம் பணம்” என்று பதில் வந்தது. விடுவேனா? ஒற்றை நட்சத்திரம் கொடுத்து, நாட்டின் ஒழுக்கக்கேட்டை அலசி, தலையங்கம் போல ஒரு விமர்சனம் எழுதினேன். மனைவியைக் கூப்பிட்டு உரக்க வாசித்தும் காட்டினேன்.

மறுநாள் அந்தத் தளத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. பொருளைப் பற்றி எழுதாததால் விமர்சனத்தை வெளியிட முடியாதாம்.

மனைவி பால் கேனைக் கீழே வைத்தாள். “ஏனுங்க, அத்தனை எழுதுனீங்களே, தண்ணி ஒழுகுதுன்னு எழுதுனீங்களா?”

எழுதவில்லை.

அவள் சொன்னபடி அட்டையைப் படமெடுத்து, தளத்தில் புகாராகத் தனியே அனுப்பினேன். விமர்சனத்தில், “கைப்பிடி ஒழுகுகிறது. மாட்டுக்கு முன்பே நான் குளித்துவிடுகிறேன்” என்று மட்டும் எழுதினேன். அது வெளியானது.

அன்று மாலையே விற்றவர் போனில் அழைத்தார். “சார், அதை எடுத்துடுங்க, பணம் அனுப்பறேன்.”

நான் தொண்டையைச் செருமி உரைக்குத் தயாராவதற்குள் மனைவி போனை வாங்கிக்கொண்டாள்.

“பணம் வேண்டாமுங்க. ஒழுகாததா ஒண்ணு அனுப்புங்க, அதைப் பாத்துட்டு எழுதறமுங்க.”

பிறகு அவர் அழைக்கவே இல்லை.