பரிசீலனையில் ஒரு வாரம்

ஜெராக்ஸ் கடைக்காரிக்கு ஆயிரம் முகம் வந்துபோகும். அத்தனையும் நினைவில் நிற்காது. ஆனால் பண்ருட்டி வைத்திலிங்கத்தின் போன் நம்பரைப் பொற்கொடி கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அவள் புருசன் செங்குட்டுவனுக்கு வெல்டர் வேலை என்று சொல்லி, விசிட் விசாவில் ஷார்ஜாவுக்கு அனுப்பிவைத்த புண்ணியவான் அவன்தான். அங்கே கம்பெனியும் இல்லை, வேலையும் இல்லை. நாலு மாசம் ஒரு அறையில் பதினோரு பேரோடு கிடந்தான் செங்குட்டுவன்.

அவனை மீட்டு டிக்கெட் போட்டு அனுப்பியது கத்தாரில் இருக்கும் இனியன். வெளிநாட்டில் இருக்கும் நெய்வேலிப் பக்கத்து ஆட்கள் எண்ணூறு பேரும், வேலை தேடும் அவர்கள் சொந்தபந்தங்களும் சேர்ந்து இருக்கும் வாட்ஸ்அப் குரூப் அவனுடையது. அந்த நன்றிக்குப் பொற்கொடி அதில் இரண்டாவது அட்மின் ஆனாள். வேலை விளம்பரம் எதுவும் நேராகக் குரூப்பில் விழாது. அட்மினுக்குத்தான் வர வேண்டும். கம்பெனி பெயர், ஆள் தேவை என்று அந்தக் கம்பெனி எழுதிய கடிதம், ஏஜெண்டின் லைசென்ஸ் நம்பர், அனுப்புகிறவர் தன் பெயரும் ஊரும் சொல்லிப் பேசிய பதிவு, இத்தனையும் வேண்டும். விசிட் விசா என்றால் பேச்சே இல்லை. லைசென்ஸ் சரியா என்று வெளிநாட்டு வேலைக்கான அரசாங்கத்தின் இ-மைகிரேட் இணையதளத்தில் பார்த்து, அங்கே போட்டிருக்கும் நம்பருக்குத்தான் போன் செய்ய வேண்டும். விளம்பரத்தில் இருக்கும் நம்பருக்கு அல்ல.

அந்த வாசலுக்குத்தான் வைத்திலிங்கம் வந்து நின்றான். ஓமனில் டிரைவர் வேலையாம். நம்பரைக்கூட மாற்றவில்லை. ஏன் மாற்றுவான்? செங்குட்டுவன் ஊரில் எல்லாரிடமும் உடம்புக்கு முடியாமல் திரும்பி வந்ததாகத்தான் சொல்லியிருந்தான். ஏமாந்தேன் என்று சொல்ல வெட்கம். இப்போது நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலைக்குத் தலையைக் குனிந்துகொண்டு போய்வருகிறான்.

வைத்திலிங்கம் அனுப்பிய லைசென்ஸ் நம்பரைப் பொற்கொடி தளத்தில் பார்த்தாள். சென்னையில் உள்ள ஒரு நிஜமான ஏஜென்சியுடையது. தளத்திலிருந்த நம்பருக்குப் போன் போட்டாள். பண்ருட்டியில் தங்களுக்கு ஆளே கிடையாது என்றார்கள், அதை எழுதியும் அனுப்பினார்கள். அன்றைக்கே அவள் நிராகரித்திருக்கலாம். வயிறு எரிந்தவளுக்கு அது போதவில்லை. முன்பு போட்டோவுக்கு ஒரு நாள், மெடிக்கலுக்கு ஒரு நாள், பாஸ்போர்ட் நகலுக்கு ஒரு நாள் என்று தங்களை அவன் அலையவிட்டது அவளுக்கு மறக்கவில்லை. 'அட்மின் 2' என்ற பெயரில், கடிதத்தின் இரண்டாம் பக்கம் தெளிவாக இல்லை என்று எழுதினாள். மறுநாள் கம்பெனி முத்திரை வேண்டும் என்றாள். அதற்கு மறுநாள் குரல் பதிவு. வைத்திலிங்கம் பணிவாக, தன் பெயரையும் ஊரையும் அந்த லைசென்ஸ் நம்பரையும் வாயாரச் சொல்லி அனுப்பினான். அவள் அதை மூன்று முறை கேட்டாள். அவ்வளவு இனிப்பாக இருந்தது.

ஏழாம் நாள் வளையமாதேவிக் கிராமத்து அருண்ராஜ் ஆதார் நகல் எடுக்க வந்தான். ஓமனுக்குப் போகிறானாம்.

"பாஸ்போர்ட்ட பண்ருட்டிக்காரர்கிட்ட குடுத்துட்டேங்க்கா. நம்ம குரூப்லயே ஒரு வாரமா செக் பண்ணிகினு இருக்காங்களாம். அட்மின் பேப்பர் கேட்டு அனுப்புன மெசேஜையெல்லாம் காட்னாரு. அதான் நம்பிக்கையா குடுத்தேன்."

பொற்கொடி நகல் எடுப்பதை நிறுத்தினாள். பழி வாங்குவதாக நினைத்து அவள் எழுதிய ஒவ்வொரு வரியையும் அந்த எத்தன் அத்தாட்சியாகக் காட்டிக்கொண்டு திரிந்திருக்கிறான். தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக வந்தது. அருண்ராஜை உட்காரச் சொல்லிவிட்டுக் கடை ஷட்டரை இறக்கினாள்.

ஷிப்ட் முடிந்து கடைக்கு வந்த செங்குட்டுவனிடம் ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னாள். விளம்பரம் போலி என்று மட்டும் போட்டால் அவன் ஏதாவது சொல்லித் தப்பித்துக்கொள்வான், ஏமாந்தவன் ஒருத்தன் பேச வேண்டும் என்றாள். செங்குட்டுவன் அருண்ராஜின் முகத்தைப் பார்த்தான். பிறகு போனை வாங்கித் தன் குரலைப் பதிவு செய்தான்.

"நான் செங்குட்டுவன். எனக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லீங்க. ஷார்ஜாவுல ஏமாந்துதான் வந்தேன். ஏமாத்துனவன் இந்தப் பண்ருட்டி வைத்திலிங்கம்தான்."

வைத்திலிங்கத்தின் பதிவும், ஏஜென்சி எழுத்தில் தந்த மறுப்பும், இந்தக் குரலும் சேர்ந்து குரூப்பில் விழுந்தன. கீழே பொற்கொடி ஒரு புது விதி எழுதினாள்: சரிபார்ப்புக்கு ஒரு விளம்பரம் வந்தால் அன்றே குரூப்பில் அறிவிக்கப்படும், சரிபார்த்து முடியும்வரை யாரும் எதையும் கொடுக்க வேண்டாம். தன் தவறையும் அதிலேயே ஒப்புக்கொண்டாள்.

அரைமணி நேரத்தில் போன் வந்தது. அருண்ராஜின் பாஸ்போர்ட்டை இப்போதே கொண்டுவந்து தருவதாகவும், பதிவை மட்டும் எடுத்துவிடும்படியும் வைத்திலிங்கம் கெஞ்சினான். பாஸ்போர்ட்டைப் போலீஸ் ஸ்டேஷனிலேயே கொடுக்கலாம், நாங்கள் மூன்று பேரும் அங்கேதான் கிளம்பிக்கொண்டிருக்கிறோம் என்றாள் பொற்கொடி.

"ஒரு வாரமா என்ன நாயா அலைய வெச்சது நீதானாம்மா?"

"ஆமாங்க. எங்களுக்கு நாலு மாசம். உங்களுக்கு இப்பதான் ஒரு வாரம் ஆயிருக்கு."