யார் கொடுத்த நம்பர்

என் வீட்டுக்காரருக்கு வேலை செய்யும் இடத்தில் 'டெஸ்டர்' என்று பெயர். பதினேழு வருடமாக ஐஸ் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். ஒயரைத் தொடும் முன் டெஸ்டர் வைத்துப் பார்ப்பது எல்லாரும் செய்கிற காரியம்தான். இவர் அதற்கும் முன்னால், கரண்ட் இருக்கிற வேறொரு பாயிண்டில் டெஸ்டரை வைத்து, அதன் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பார். டெஸ்டரே செத்துப் போயிருந்தால் எந்த ஒயரில் வைத்தாலும் எரியாது, அதை நம்பிக் கை வைத்தால் ஆள் காலி என்பார். மெயினை அணைத்தாயிற்று என்று மேனேஜரே வந்து சொன்னாலும் "சரி சார்" என்று மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் பைக்குள் கையை விடுவார்.

வீட்டிலும் இதே கூத்துதான். நான் பூட்டின கதவை ஒருமுறை இழுத்துப் பார்க்காமல் தெருவில் இறங்கமாட்டார். கல்யாணமான புதிதில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு எரிச்சல் வந்தது. இப்போது ஒருநாள் அது, ஒருநாள் இது.

நான் நேர் எதிர். பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க் வேலை. என் மேசையில் ஒரு தாள் ஒரு மணி நேரம் சும்மா கிடந்தால் எனக்குக் கை பரபரக்கும்.

இவருக்கு வெளிநாட்டு வேலைக்குப் போக ஆசை. வாய்விட்டுச் சொல்லமாட்டார். ஆறு வருடத்துக்கு முன் ஒரு வாய்ப்பு வந்தது. இவர் யோசித்துக்கொண்டே இருந்தார், இவருடைய தம்பி கிளம்பிப் போய்விட்டான். தம்பி அங்கிருந்து போட்டோ அனுப்பினால், இவர் தம்பியைப் பார்க்கமாட்டார். அவனுக்குப் பின்னால் சுவரில் இருக்கும் பேனல் போர்டைப் பெரிதாக்கிப் பார்ப்பார். "ஒயரிங் எவ்ளோ சுத்தமா இருக்கு பாரு" என்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு வலிக்கும். இங்கே ஐஸ் தொழிற்சாலையில் மூன்று ஷிஃப்ட் இரண்டாகிவிட்டது. வயதும் நாற்பத்துமூன்று. இன்னும் இரண்டு வருடம் போனால் கூப்பிட ஆள் இருக்காது.

அப்படியிருக்க, ஒரு திங்கட்கிழமை இவர் போனுக்குச் செய்தி வந்தது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சியின் அதிகாரி என்று ஒருவர். கட்டுமான கம்பெனிக்கு எலக்ட்ரீஷியன் வேண்டும், பாஸ்போர்ட்டும் சான்றிதழ்களும் வியாழன் மதியம் பன்னிரண்டுக்குள் வந்தால் இடம் உறுதி, தாமதமானால் அடுத்தவருக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தார். அன்றைக்குச் சாயங்காலமே நான் ஜெராக்ஸ் கடைக்குப் போய் எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்து என் போனில் ஏற்றிக்கொண்டேன். பட்டனைத் தட்டுவதுதான் பாக்கி.

"முதல்ல ஒரு கடிதம் எழுதணும்" என்றார் இவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் உட்கார்ந்தேன். இவர் சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே சொன்னார், நான் டைப் அடித்தேன். உங்கள் ஏஜென்சியின் லைசென்ஸ் நம்பர் என்ன, யார் பெயரில் இருக்கிறது, எந்தத் தேதி வரை செல்லும். நீங்கள் அங்கே சம்பளத்துக்கு இருக்கிறீர்களா, வெளியிலிருந்து ஆள் பிடித்துக் கொடுப்பவரா. வேலை கொடுக்கும் கம்பெனியின் முழுப்பெயர், முகவரி. எங்களுக்கு ஆள் எடுத்துக் கொடுங்கள் என்று அவர்கள் உங்களுக்குக் கொடுத்த கடிதத்தின் நகல். ஒப்பந்தத்தில் வேலையின் பெயர் எலக்ட்ரீஷியன் என்றே இருக்குமா, ஹெல்பரா. சம்பளம், வேலை நேரம், ஓவர்டைம், லீவு. தங்கும் இடம் யார் பொறுப்பு. விசாவும் டிக்கெட்டும் யார் செலவு. அங்கே போனபின் பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும். இடையில் திரும்பி வரவேண்டுமானால் என்ன விதி. இவற்றுக்குப் பதிலும் ஒப்பந்தத்தின் மாதிரியும் வந்தபின் என் ஆவணங்களை அனுப்புகிறேன்.

"பொண்ணு பாக்க வந்தப்பகூட எங்க வீட்ல இவ்ளோ கேள்வி கேக்கல நீங்க" என்றேன்.

"அப்ப எங்கப்பா விசாரிச்சிட்டாரு" என்றார் அலட்டிக்கொள்ளாமல்.

செவ்வாய்க்கிழமை பதிலே இல்லை. பள்ளிக்கூடத்தில் இடைவேளைக்கு இடைவேளை இவருக்கு போன் அடித்து "வந்துச்சா?" என்று கேட்டேன். கோபித்துக்கொண்டு விட்டுவிட்டார்கள், இந்த மனுஷனின் கேள்விகளால்தான் குடி கெட்டது என்று எனக்குள் பொருமிக்கொண்டிருந்தேன். புதன்கிழமை பதில் வந்தது. லைசென்ஸின் படம், முத்திரையோடு. கம்பெனி மிகப் பெரியது, கவலை வேண்டாம். ஆவணங்கள் கிடைத்ததும் ஒப்பந்தம் தரப்படும். கடைசியில் ஒரு வரி: சந்தேகம் இருந்தால் லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்தின் இந்த நம்பரில் கேட்டுக்கொள்ளலாம்.

எனக்குப் பாதி உயிர் வந்தது. வியாழன் காலை லீவு சொல்லிவிட்டு, பதினோரு மணிக்கு அந்த நம்பருக்கு அடித்தேன். ஒருவர் எடுத்தார். லைசென்ஸ் நம்பரைச் சொன்னேன். "செல்லும்மா, நல்ல ஏஜென்சி, தைரியமா அனுப்புங்க" என்றார். ஓடிப்போய் இவரிடம் சொன்னேன். இவர் அன்றைக்கு மதிய ஷிஃப்ட். குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, அதை நான் பார்த்தேன். அடுத்த நொடி துண்டு நின்றது.

"அந்த நம்பர் யாரு குடுத்தது?"

"கவர்மெண்ட் ஆபீஸ் நம்பர்ங்க."

"அது சரி. உனக்கு யாரு குடுத்தது?"

அவர்கள் கொடுத்தது. கேட்டுப் பாருங்கள் என்று அவர்களே நீட்டிய டெஸ்டர்.  இவர் கேட்ட கேள்விகளில் கம்பெனியின் பெயருக்கே இன்னும் பதில் இல்லை என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

லைசென்ஸ் பெற்ற ஏஜென்சிகளின் பட்டியல் அரசாங்கத்தின் இணையதளத்தில் இருக்கிறது. தேடினோம். ஏஜென்சியின் பெயர் இருந்தது. லைசென்ஸ் நம்பரும் அதேதான். எனக்கு மறுபடி உயிர் வந்தது. ஆனால் முகவரி வேறு, போன் நம்பர் வேறு. மணி பதினொன்றே முக்கால். இன்னும் கால் மணி நேரம்தான். பட்டியலில் இருந்த நம்பருக்கு இவரே அடித்து ஸ்பீக்கரில் போட்டார்.

ஒரு பெண் எடுத்தாள். அதிகாரியின் பெயரைக் கேட்டதும் பெருமூச்சு விட்டாள். "அப்படி ஒருத்தர் எங்ககிட்ட இல்ல சார். எங்க லைசென்ஸ் படத்த வச்சிக்கிட்டு யாரோ இப்படிப் பண்றாங்க. நாங்க புகார் குடுத்திருக்கோம். நீங்க ஏதாவது அனுப்பிட்டீங்களா?"

"இல்லம்மா."

"இந்த வாரம் ஒம்போது பேரு பேசினாங்க சார். எட்டு பேரு அனுப்பிட்டுத்தான் பேசினாங்க."

அந்தச் செய்திகளையெல்லாம் தனக்கு அனுப்பச் சொன்னாள். நீங்களும் ஒரு புகார் கொடுங்கள் என்றாள். இவர் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். தப்பித்தோம் என்று நான் சந்தோஷப்பட்டிருக்கவேண்டும். எனக்கு அழுகைதான் வந்தது. ஏமாறாமல் தப்பித்தவருக்கும் போகிற இடம் இல்லாமல் போய்விட்டதே. இவர் துண்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு ஆயிற்று. இருவருமே அதைப் பார்த்தோம்.

போனை வைக்கும் முன் அந்தப் பெண் கேட்டாள். "சார், நீங்க என்ன வேலை?"

"எலக்ட்ரீஷியன். பதினேழு வருஷம்."

"எங்ககிட்டயே ஒரு ஆஸ்பத்திரிக்கு எலக்ட்ரீஷியன் கேட்டிருக்காங்க. இதே நம்பருக்கு பாஸ்போர்ட் காப்பி அனுப்புங்க, பாக்கலாம்."

நான் தாவி என் போனை எடுத்தேன். எல்லாம் அதில் தயாராக இருக்கிறது. இவர் என் கையின்மேல் கையை வைத்து அழுத்தினார்.

"ரொம்ப நன்றிம்மா. முதல்ல ஒரு கடிதம் அனுப்புறேன். கொஞ்சம் கேள்வி இருக்கு."

 அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. "அனுப்புங்க சார். பதிலோட ஒப்பந்த மாதிரியும் அனுப்புறேன்."

நான் பழைய கடிதத்தைத் திறந்தேன். மேலே இருந்த பெயரை மட்டும் மாற்றினேன். ஒரு கேள்வியையும் எடுக்கவில்லை. அனுப்பும் முன், நம்பர் அந்தப் பட்டியலில் இருக்கிற அதே நம்பர்தானா என்று ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தேன். இரண்டு முறை.