ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணம்

போடி மண்டபத்தில் மாப்பிள்ளை அழைப்பைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். சட்டைப்பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. நான்காவது முறைதான் எடுத்தேன்.

"தம்பி, எங்கன வந்துக்கிட்டிருக்கீக? மாப்பிள்ளை வீட்டுக்காரக வந்து எறங்கிட்டாக, உங்களைத்தான் காணோம்."

கம்பத்திலிருந்து பேசினார், அங்கே அன்று மணமேடை ஏறவிருந்த பெண்ணின் அம்மா.

"இன்னைக்கா?" என்று கேட்டுவிட்டேன். "கொஞ்சம் இருங்கம்மா" என்று சொல்லி வைத்தேன். கேமராவைக் கழுத்துப் பட்டைதான் தாங்கிப் பிடித்திருந்தது.

தேனியில் நானும் அக்காவும் சேர்ந்து ஸ்டுடியோ நடத்துகிறோம். படம் பிடிப்பது நான். எடிட்டிங்கும் ஆல்பமும் அக்கா. வருகிற வேலைகளை அவள் டைரியில் எழுதுவாள், நான் மனதில் வைத்துக்கொள்வேன். போடிக் கல்யாணம் நான் கடைவீதியில் நின்றபடி ஒப்புக்கொண்டது. கம்பத்துக் கல்யாணம் அவளுக்குப் போனில் வந்தது. என்னிடமும் சொல்லியிருக்கிறாள். காதில் இயர்போனோடு "சரி சரி" என்றிருக்கிறேன்.

அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, கம்பத்துக் கல்யாணம்..."

"அங்கனதானடா இருக்க?"

"போடில இருக்கேன்."

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழும் சத்தம் கேட்டது. பிறகு, "பழைய கேமரா சார்ஜ்ல இருக்கா?" என்றாள்.

ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படம் எடுத்ததைத் தவிர அவளுக்குப் பழக்கமில்லை. வாடகைக் காரில் கம்பம் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்து, முதல் பந்தி உட்கார்ந்திருந்தது. மிச்சத்தை எடுத்தாள். உறவினர்கள் ஒவ்வொருவரிடமும் போய், அவரவர் போனில் பிடித்ததை அனுப்பச் சொல்லிக் கேட்டாள்.

"அந்தம்மா கத்தியிருந்தா தாங்கியிருப்பேன்டா. சாப்பிட்டுட்டுப் போம்மான்னு சொன்னாக" என்றாள் மத்தியானம் வந்து. அன்று எங்கள் இருவருக்கும் சோறு இறங்கவில்லை.

மறுநாள் ஒரு வெள்ளைப் பலகை வாங்கி வந்து சுவரில் அடித்தாள். மேலே அந்தப் பருவத்து முகூர்த்த நாட்கள், நாளுக்கு ஒரு கட்டம். எங்களிடம் இருப்பது ஒரே குழு, அதனால் ஒரு கட்டத்தில் ஒரு சீட்டுதான். கீழே நான்கு பத்தி: எடுத்தாச்சு, எடிட்டிங், வீட்டார் பார்க்கக் கொடுத்தது, கொடுத்தாச்சு. வேலைக்கு ஒரு சீட்டு. அதில் யார் வீடு, என்றைக்குக் கொடுக்க வேண்டும், இப்போது யார் கையில் என்று மூன்றே விவரம்.

"ஒன் தலையில இருக்கிற அம்புட்டையும் எறக்கு."

நான் சொல்லச் சொல்ல எழுதி ஒட்டினாள். பாதியில் அவள் கை நின்றது. வைகாசியில் ஒரு கட்டத்தில் ஏற்கெனவே அவள் டைரியிலிருந்து ஒட்டிய பெரியகுளம் இருந்தது. நான் சொன்னது உத்தமபாளையம். இரண்டும் காலை முகூர்த்தம்.

அதோடு முடியவில்லை. ஓடைப்பட்டி ஆல்பத்தின் சீட்டில் 'யார் கையில்' என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று அவள் என்னைப் பார்த்தாள்.

"ஆல்பத்துக்கு அவுக தேர்ந்தெடுத்த படத்தை நீ வாங்கித் தரல."

"நீதான் வாங்கிட்டன்னு நெனச்சேன்."

இரண்டு மாதமாக அது யார் கையிலும் இல்லை. அந்தத் தம்பதி பத்து நாளில் வெளிநாடு போகிறார்கள். மதுரையில் அச்சும் பைண்டிங்கும் முடிந்து வரவே ஐந்து நாள் ஆகும்.

அன்றே நான் ஓடைப்பட்டிக்குப் போய்ப் அவர்கள் தேர்ந்தெடுத்த படங்களை வாங்கி வந்தேன். அக்கா மற்றதையெல்லாம் நிறுத்திவிட்டு இரண்டு நாளில் வடிவமைத்து மதுரைக்கு அனுப்பினாள். கிளம்புவதற்கு முந்தின நாள் ஆல்பம் அவர்கள் கைக்குப் போனது. உத்தமபாளையத்துப் பெண்ணின் அண்ணனிடம் நேரில் போய் உண்மையைச் சொன்னேன்.

"இப்பவாச்சும் சொன்னீகளே. கல்யாணத்தன்னைக்குக் காலையில சொல்லியிருந்தா?" என்றார். அவர் கோபம் நியாயம்தான். சின்னமனூரில் படம் பிடிக்கும் நண்பர் ஒருவரை, அவர் தேதி காலியா என்று கேட்டு, எங்களுக்குப் பதிலாக ஏற்பாடு செய்தேன்.

கம்பத்து ஆல்பத்தில் தாலி கட்டும் பக்கத்துக்கு யாரோ போனில் பிடித்த படம்தான். மாப்பிள்ளை முகத்தில் பாதியை ஒருவர் தோள் மறைத்திருந்தது. அந்த அம்மா அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். நான் தலை நிமிரவில்லை.

போன மாதம் சின்னமனூர் பஸ் நிலையத்தில் ஒருவர் நிறுத்தி, ஆவணியில் ஒரு தேதி சொல்லி, "வந்துருவீகள்ல?" என்றார். நாக்கு நுனிவரை "வந்துருவோம்" வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு அக்காவை அழைத்தேன். அவள் பலகையைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்:

"அந்தக் கட்டத்துல ஏற்கெனவே சீட்டு இருக்குடா. முடியாதுன்னு சொல்லிரு."

சொன்னேன்.