எந்தக் கோடு நகர்ந்தது

எம்.எஸ்சி. ஆய்வகத்தில் அன்று காலை முழுக்க என் கால் மேசைச் சட்டத்தைத் தட்டிக்கொண்டே இருந்தது. ஒளி புகும் இரட்டைப் பிளவில் ஒன்றை மெல்லிய மைக்கா தகட்டால் மூடினால், அது உண்டாக்கும் ஒளிக்கோடுகள் நகரும். நகர்ந்ததை வைத்துத் தகட்டின் தடிமனைக் கணக்கிட வேண்டும். வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். சோடியம் விளக்கில் அதே மஞ்சள் வரிசைதான் தெரிந்தது.

"ஒண்ணுமே நகரலீங்க. தகடே வீணுங்க," என்று எரிந்து விழுந்தேன்.

என்னோடு சோதனை செய்த சோமனூர்க்காரி கண்வில்லையில் குனிந்து பார்த்தாள். "எல்லாக் கோடும் ஒரே மாதிரி இருந்தா, எது எங்க போச்சுன்னு எப்படீங்க தெரியும்?"

சோடியம் விளக்கை நகர்த்திவிட்டுச் சாதாரண பல்பை வைத்தாள். இப்போது நடுவில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு, இருபுறமும் வண்ணக் கோடுகள். தகட்டை வைத்ததும் அந்த வெள்ளைக் கோடு மூடிய பிளவின் பக்கமாகத் தள்ளிப்போய் நின்றது. பழைய இடத்தையும் புது இடத்தையும் குறித்துக்கொண்டு சோடியம் விளக்குக்குத் திரும்பினோம். இடையே எத்தனை மஞ்சள் கோடுகள் என்று எண்ணினால் போதும், தடிமன் வந்துவிடும்.

ஆவலோடு எண்ணக் குனிந்தேன். கோடுகள் நடுங்கின.

"ஏனுங்க," என்றாள் அவள், "தகட்டத் திட்டுனது போதும். காலை நிறுத்துங்க."